நாலு வாய்க்கு மேல் இறங்காத பெரியவர்களுக்குப் புரதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து முதியோர் கூட்டங்களில் உணவு ஆலோசகராகப் பேசும்போது, மகள்களும் மருமகள்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே தந்திருக்கிறேன். 70 வயதைத் தாண்டி, பசி குறைந்து, கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் முதலில் அதற்கான கேள்வியைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

"ஆயா வீட்டிலேயே உட்கார்ந்திருக்காங்க. வேலை செய்யாதவங்களுக்குப் புரோட்டீன் எதுக்கு?"

உட்கார்ந்தே இருப்பதால்தான் கூடுதலாக வேண்டும். நம் தசை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. சாப்பிட்ட புரதமும் உடல் அசைவும் சேர்ந்துதான் கட்டும் வேலையைத் தூண்டுகின்றன. வயதானால் அந்தத் தூண்டுதல் மந்தமாகிவிடும். இளைஞர் ஒருவரின் தசை ஒரு முட்டைக்கும் ஒரு கோப்பைப் பாலுக்கும் காட்டும் துடிப்பை, 75 வயதுத் தசை அதே அளவுக்குக் காட்டாது. ஆக, அதே வேலை நடக்க அவருக்குக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது.

காய்ச்சலோ, விழுந்து அடிபட்டதோ வந்து படுத்துவிட்டால் இழப்பு வேகமாகும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து அளந்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆயாவால் கழிப்பறை இருக்கையிலிருந்து எழ முடியவில்லை என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

"சரி, கணக்கா ஒரு நாளைக்கு எவ்வளவு?"

வயது வந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். முதியோர் உணவுக்காக நிபுணர் குழுக்கள் 2013, 2014-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை உயர்ந்தது. நோயில் கிடப்பவர்களுக்கும் மெலிந்துபோனவர்களுக்கும் 1.2 முதல் 1.5 வரை. 50 கிலோ எடையுள்ள, மெலிந்துகொண்டே வரும் ஒருவருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது சுத்தப் புரதத்தின் அளவு. 60 கிராம் மீன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய முட்டையில் இருப்பது 6 கிராம்தான். காலில் நீர் கோத்து எடை கூடியிருந்தால், வீங்குவதற்கு முந்தைய எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

"எங்க வீட்டுல தினமும் பருப்பு உண்டு. அதுவே போதாதா?"

பருப்பு நல்லது. ஆனால் எந்தப் பருப்பு, எவ்வளவு கெட்டி என்பதைப் பாருங்கள். பட்டாணிப் பருப்போ மசூர் பருப்போ வேகவைத்துக் கெட்டியாக அரைக் கோப்பை எடுத்தால் எட்டு கிராம் கிடைக்கும். நாம் சோற்றுக்கு ஊற்றுவதோ தண்ணீர் விட்டுத் தாளித்த பருப்பு. அதிலும் பெரியவர்களுக்கு மேலே தெளிந்த நீரைத்தான் கரண்டியில் எடுத்து ஊற்றுகிறோம், எளிதாகச் செரிக்கும் என்று. அதில் இரண்டு மூன்று கிராம் இருந்தாலே அதிகம். அடியைக் கலக்கி எடுங்கள். ஆயாவின் பங்கைத் தண்ணீர் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்துவைப்பது இன்னும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. தசை கட்டும் வேலையைத் தொடங்கிவைப்பதில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பால், முட்டை, மீன், கோழி இவற்றில் அது நிறைய. பருப்பில் உள்ள புரதமே குறைவு என்பதால், அதே அளவு லியூசினுக்கு நிறையப் பருப்பு சாப்பிட வேண்டிவரும். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரால் அது ஆகாது. எனவே பருப்போடு தயிரோ, மாஸ் என்கிற கெட்டியான புளித்த பாலோ, முட்டையோ சேரட்டும்.

"நாலு வாய்க்கு மேல இறங்கல. அறுபது கிராம் எப்படிக் கொடுக்கிறது?"

அளவைக் கூட்ட முயலாதீர்கள். தட்டு நிறையப் பார்த்தாலே இவர்களுக்குப் பசி போய்விடும். நாலு வாயில் என்ன இருக்கிறது என்பதை மாற்றுங்கள். நான் அடிக்கடி பார்க்கும் ஒரு நாள் இப்படிப் போகிறது: 76 வயது, 50 கிலோ. காலையில் பால் கொஞ்சம் விட்ட டீ, மார்ஜரின் தடவிய இரண்டு டோஸ்ட். மதியம் ஒரு கோப்பைச் சோறு, நீர்த்த பருப்பு, கொஞ்சம் காய். நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். இரவில் ஒரு ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி. அவரைப் பொறுத்தவரை நாலு வேளையும் சாப்பிட்டுவிட்டார். கூட்டிப் பார்த்தால் 24 கிராம்கூடத் தேறுவது கஷ்டம்.

அதே வயிற்றுக்கு, அதே வீட்டுப் பொருளில் மாற்றிய நாள்: காலை ஏழு மணிக்கு, செறிவூட்டிய பால் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) 200 மில்லியில் காய்ச்சிய மக்காச்சோளக் கஞ்சி அல்லது ஓட்ஸ். 13 கிராம். பத்து மணிக்கு ஒரு அவித்த முட்டை. 6 கிராம். மதியம் அரைக் கோப்பைச் சோறு, டின் பில்ச்சர்ட் மீன் குழம்பில் மீன் மட்டும் 70 கிராம் அளவு, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு. 18 கிராம். நாலு மணிக்குப் பாதிப் பால் விட்ட டீ, ஒரு டோஸ்டில் ஒரு மேசைக் கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். 11 கிராம். இரவில் ஷுகர் பீன்ஸ் கறி அரைக் கோப்பை, பாதி ரொட்டி. 10 கிராம். படுக்கும்முன் அரைக் கோப்பை மாஸ். 4 கிராம். மொத்தம் 62.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். சோற்றில் தொடங்கினால் மீனுக்கு வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாய் மீனோ முட்டையோ பீன்ஸோ ஆகட்டும், பிறகு சோறு. பெரியவர்கள் மீதம் வைப்பது தட்டின் கடைசியில் இருப்பதைத்தான்.

எண்ணெயையும் நெய்யையும் ஒதுக்காதீர்கள். உடலுக்குப் போதிய சக்தி கிடைக்காவிட்டால், கொடுத்த புரதத்தையே விறகாக எரித்துவிடும். பீன்ஸ் கறியில் ஒரு கரண்டி எண்ணெய் கூடட்டும். மெலிந்து வருகிற 50 கிலோ ஆயாவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

"செறிவூட்டிய பால்னா என்ன? கடையில வாங்கணுமா?"

வீட்டிலேயே செய்வது. ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் நாலு குவியல் மேசைக் கரண்டி பால் பவுடர், அதாவது 60 கிராம் போல, சேர்த்துக் கலக்குங்கள். பவுடரை நேராகக் கொட்டினால் கட்டியாகும். முதலில் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கூழாகக் கரைத்து, பிறகு மீதிப் பாலில் ஊற்றுங்கள். 200 மில்லிக்குச் சாதாரணப் பாலில் 6 அல்லது 7 கிராம் இருக்கும் என்றால், இதில் ஏறக்குறைய 10 கிராம். குடிக்கும் அளவு கூடவில்லை, புரதம்தான் கூடுகிறது. கஞ்சி, டீ, பாயசம், ரவை, உருளைக்கிழங்கு மசியல் என்று பால் போகிற எல்லாவற்றிலும் இதையே ஊற்றுங்கள். பெட்டியைப் பாருங்கள்: டீ, காப்பிக்கென்று விற்கிற 'க்ரீமர்' பால் பவுடர் அல்ல. அதில் புரதம் மிகக் குறைவு. எங்கள் பக்கத்தில் அதைத்தான் பால் பவுடர் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள்.

பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவர்களுக்கு மாஸ் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். புளிக்கும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. புளித்த கஞ்சி ஆடி மாதத்தில் கோயிலில் குடித்துப் பழகிய நாக்குக்கு மாஸ் புதுசில்லை. அப்புறம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பாலோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுக் கஞ்சி குடிக்கட்டும். இதய பலவீனத்துக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், இந்தப் பாலும் அந்த அளவில் அடங்கும்.

"ஞாயித்துக்கிழமை நல்லா கோழிக்கறி சாப்பிடறாங்க. அது வாரத்துக்கு ஈடுகட்டாதா?"

கட்டாது. கொழுப்பைப் போல உடல் புரதத்தைச் சேமித்து வைப்பதில்லை. அன்றைய தேவைக்கு மேல் வந்தது எரிக்கப்படும், நைட்ரஜன் சிறுநீரில் போகும். ஞாயிறு விருந்து செவ்வாய்க்கிழமைத் தசைக்கு உதவாது.

ஒரு நாளுக்குள்ளேயும் ஓரளவு பரவி இருப்பது நல்லது. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் என்பது ஒரு நல்ல இலக்கு. 50 கிலோ ஆயாவுக்கு அது 20 கிராம். மேலே சொன்ன நாளில் மதியம் அதை நெருங்குகிறது, காலையில் கஞ்சியும் முட்டையும் சேர்த்தால் நெருங்குகிறது. முடிந்தவர்கள் முட்டையைக் கஞ்சியோடே சாப்பிடட்டும். முடியாதவர்கள் பிரித்துச் சாப்பிடட்டும், மொத்தம் வந்து சேர்வதுதான் முதல் கவலை. எல்லா வீட்டிலும் ஓட்டையாக இருப்பது காலை வேளைதான். ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் அதை மாற்றுங்கள்.

"புரட்டாசி முழுக்கச் சைவம். முட்டைகூடக் கிடையாது. அப்போ?"

பால் தொடரும் வீடுகளில் கஷ்டமில்லை. முட்டைக்குப் பதில் 50 கிராம் பனீர் உதிர்த்து வதக்கிக் கொடுத்தால் 9 கிராம் கிடைக்கும். மென்மையானது, பல் இல்லாதவர்களுக்கும் ஆகும். மீனுக்குப் பதில் சோயா மின்ஸ். உலர்ந்த நிலையில் 25 கிராம் எடுத்து ஊறவைத்துச் சமைத்தால் 12 கிராம் வரை தரும். மசாலா கலந்த பாக்கெட்டில் உப்பு மிக அதிகம். மசாலா இல்லாத வெறும் சோயாவை வாங்கி, நம் மசாலாவையே போடுங்கள். மற்றவை மேலே சொன்ன நாளில் இருப்பதுபோலவே.

சிலர் இந்த மாதத்தில் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். எடை குறைந்து வரும் பெரியவர்களை அப்படி விரதம் இருக்க விடாதீர்கள். மரக்கறி மட்டும் என்பதே அவர்களுக்கு விரதம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறினால் ஆபத்து உடனடியாகவே வரும்.

"சக்கரை, பிரஷர், யூரிக் ஆசிட் மூணும் இருக்கு. டின் மீன் கொடுக்கலாமா?"

மூன்றுக்கும் தனித்தனி பதில். சர்க்கரைக்குப் புரதம் எதிரியல்ல. சோற்றைப் பாதியாக்கி மீனைக் கூட்டியதில் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையவே செய்யும். அதனாலேயே கிளினிக்கில் சொல்லிவையுங்கள்: சோறு குறைந்தும் மாத்திரை அளவு பழையபடியே இருந்தால், சிலருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், திடீர் குழப்பம் அதன் அடையாளங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு: டின்னிலேயே உப்பு இருக்கிறது. குழம்பில் மேலும் போடாதீர்கள். குளிர்காலத்தில் கரைக்கு வரும் புது சார்டின் கிடைத்தால் அதுவே நல்லது. பில்ச்சர்டின் மென்மையான முள்ளை எடுக்க வேண்டாம், நசுக்கிக் குழம்பிலேயே விடுங்கள், சுண்ணாம்புச்சத்து உண்டு. யூரிக் அமிலத்தால் விரல் வீங்கி வலிக்கிறவர்களுக்குப் பில்ச்சர்ட், சார்டின் வேண்டாம். அந்த இடத்தில் முட்டையும் பாலும் பனீரும் வரட்டும். அவை அந்தத் தொல்லையைத் தூண்டுவதில்லை.

"கிட்னி வீக்குன்னு சொல்லியிருக்காங்க. புரோட்டீனே கூடாதாமே?"

எந்த அளவு பாதிப்பு என்பதைப் பொறுத்தது. இரத்த அறிக்கையில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் eGFR என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது 30-க்குக் கீழ் போய், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவது உண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகள் பொருந்தாது. டயாலிசிஸ் தொடங்கியபின் நிலைமை தலைகீழாகும். அந்தச் சிகிச்சையிலேயே புரதம் இழக்கப்படுவதால் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பழைய கட்டுப்பாட்டைத் தொடர்ந்து மெலிந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவர்களிடம்தான் குழப்பம். வயதாகும்போது இந்த எண் கொஞ்சம் குறைவது இயல்பு. இவர்கள் புரதத்தை வெட்டிவிட்டு வெறும் சோறும் டீயுமாக இருந்தால், சிறுநீரகத்துக்கு முன் கால்கள் போய்விடும். என்ன அளவு என்று சிறுநீரக மருத்துவரையோ உணவு ஆலோசகரையோ கிராமிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். 'குறைச்சுக்கோங்க' என்பது மட்டும் போதாது. பில்ச்சர்ட், பீன்ஸ், பால் இவற்றில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு. அதையும் அப்போதே கேளுங்கள்.

"பார்மசியில விக்கிற பவுடர் டப்பா வாங்கலாமா? மகன் வாங்கித் தரேன்கிறான்."

மேலே சொன்னபடி வீட்டுச் சாப்பாட்டில் அளவு வந்தால் அவசியமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள், வாய்ப்புண், மெல்லவே முடியாத நிலை, இப்படியான நேரங்களில் உதவும். வாங்கினால் பின்பக்கத்தில் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். சில டப்பாக்களில் பாதிக்கு மேல் சர்க்கரையும் மாவும்தான் இருக்கும். அதற்குச் செறிவூட்டிய பாலே மேல்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள், அந்த வேளைச் சாப்பாடு போய்விடும். இரண்டு வேளைகளுக்கு நடுவிலோ படுக்கும்முன்னோ சிறு கோப்பையில் கொடுங்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா எடுப்பவர்கள், எந்தப் புரத உணவுக்கும் அரை மணி நேரம் முன்பே மாத்திரையைப் போட வேண்டும். சேர்ந்து போனால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

"பசியே இல்லேங்கிறாங்க. வயசானா அப்படித்தானேன்னு விட்டுடலாமா?"

வேண்டாம். வயதால் பசி குறையும், ஆனால் திடீரென்று போகாது. போனால் காரணம் தேடுங்கள். பல்செட் தளர்ந்திருக்கிறதா? மலச்சிக்கலா? துணையை இழந்து தனியாகச் சாப்பிடுகிறாரா? புது மாத்திரை தொடங்கியபின் வந்ததா? மெட்ஃபார்மினும் டிஜாக்ஸினும் பலருக்குப் பசியைக் கெடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள். குடிக்கும்போது இருமலோ, விழுங்கியபின் ஈரமான கரகரப்புக் குரலோ இருந்தால் அது விழுங்கும் கோளாறாக இருக்கலாம். உணவு மூச்சுக்குழாயில் போகக்கூடும். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்டும்வரை கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள்.

"நாம கொடுக்கிறது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

மாதம் ஒருமுறை ஒரே தராசில், காலையில், ஒரே மாதிரி உடுப்பில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கோ, ஒரே மாதத்தில் இருபதில் ஒரு பங்கோ தானாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். 50 கிலோ ஆயாவுக்கு அது 5 கிலோ, அல்லது மாதத்தில் இரண்டரைக் கிலோ. தராசு இல்லாவிட்டால் தையல் டேப்பால் கெண்டைக்காலின் பெருத்த இடத்தை அளங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் தசை குறைந்திருக்கலாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். எடை கூடுவதற்கு முன்பே இந்த நேரம் குறையத் தொடங்கலாம். இதையே தினமும் சாப்பாட்டுக்கு முன் சில முறை பயிற்சியாகச் செய்ய வையுங்கள். அசைவு இல்லாமல் புரதம் மட்டும் கொடுத்துப் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது.

"ஒரு வாரமா டீயைத் தவிர ஒண்ணும் சாப்பிடல. இன்னிக்கே இந்த மெனுவை ஆரம்பிச்சுடலாமா?"

ஆரம்பிக்காதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாத உடலுக்குத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் வேகமாகச் செல்களுக்குள் இறங்கிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சு திணறும். ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

அன்றே மருத்துவரிடம் காட்டி, இந்த மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று தெளிவாகச் சொன்னால், சாப்பாட்டுக்கு முன்பே தயமின் என்ற பி வைட்டமினைத் தொடங்குவார்கள். பிறகு அவர்கள் சொல்லும் சிறு அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக மேலே சொன்ன நாளுக்கு வரலாம்.